நாலாவது ஓட்டத்தின் மூன்றாமிடம்

மெய்வல்லுநர் போட்டி எண்டால் உங்களுக்கு ஞாபகம் வாறது ஓடுறதும், பதக்கமும், வெயிலில குடிச்ச யூசும்தான். அதுக்கு இரண்டு கிழமைக்கு முன்னமே பெரியாக்கள் சிலர் பேப்பரும் பேனையுமாக இருந்து சண்டை பிடிப்பது உங்களுக்குத் தெரியாது. நான் அந்தச் சண்டை பிடிக்கிற கூட்டத்தில் ஒருவன். பியர்ஃபித்தில் இருக்கிறேன். கணினி நிரல் எழுதுவது என் வேலை. என் மகள் தமிழ்ப் பள்ளியில் படிப்பதால், பாரிஸைச் சுற்றியுள்ள தமிழ்ப் பள்ளிகள் சேர்ந்து ஓடுகிற நாளில் முடிவு பதிகிற வேலை எனக்கு வந்தது.

அந்த நாளில் எத்தனையோ போட்டிகள் நடந்தன. நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 11 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான 75 மீற்றர் ஓட்டம்.

பெயர் கொடுத்த பிள்ளைகள் 19 பேர். மைதானத்தில் கோடு போட்டுப் பிரித்த ஓடுபாதைகள் 6. ஒவ்வொரு பாதையையும் நாங்கள் ‘சுவடு’ என்று சொல்லுவோம். 6 சுவட்டில் 19 பேர் ஒரேயடியாக ஓட முடியாது. அதனால் முதலில் தகுதிகாண் ஓட்டங்கள் நடத்தி, அதில் தெரிவாகிற 6 பேரை இறுதி ஓட்டத்துக்கு விட வேண்டும். 19 பேரை 5, 5, 5, 4 என்று நாலு ஓட்டமாகப் பிரித்தோம். 6, 6, 6, 1 என்று பிரித்திருந்தால் கடைசிப் பிள்ளை தனியாக ஓடியிருப்பாள், பாவம்! ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே ஓட்டத்தில் மாட்டாமலும் பார்த்துக்கொண்டோம்.

இப்ப கேள்வி, யார் அந்த 6 பேர்? நாலு ஓட்டத்திலும் முதலாவதாக வருகிற நாலு பேர் நேரே இறுதிக்குப் போவார்கள். மிச்சம் இரண்டு இடம். அந்த இரண்டும், முதலாவதாக வராதவர்களுக்குள் ஆகக் குறைந்த நேரம் எடுத்த இரண்டு பேருக்கு. ஏன் இப்படி? ஒரு ஓட்டத்தில் வேகமான பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து விழுந்துவிடலாம். இன்னொரு ஓட்டத்தில் எல்லாரும் மெதுவாக ஓடலாம். இடத்தை மட்டும் பார்த்தால் வேகமான பிள்ளை வீட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் நேரத்தைப் பார்க்கிறோம் என்று சொன்ன உடனே, அந்த நேரம் சரியாக இருக்க வேண்டும். சண்டை தொடங்கினது அங்கதான்.

எங்களிடம் நிறுத்தற் கடிகாரம் 9 இருந்தது. முதலாமிடத்துக்கு மூன்று, இரண்டாமிடத்துக்கு மூன்று, மூன்றாமிடத்துக்கு மூன்று என்று கொடுத்தோம். “நாலாவதா வாற பிள்ளைக்கு நேரம் எடுக்க மாட்டியளோ?” என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாலாவதாக வருகிற பிள்ளைக்கு முன்னால், அதே ஓட்டத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் வந்துவிட்டார்கள். நேரத்தால் கிடைக்கிற இடமே இரண்டுதான். அந்த இரண்டு பேரை முந்தாமல் அவள் எப்படி அதைப் பிடிப்பாள்? முடியாது. அதனால் 9 கடிகாரம் போதும்.

ஒரு பிள்ளைக்கு ஏன் மூன்று கடிகாரம்? கடிகாரம் பிழைக்காது, பெருவிரல் பிழைக்கும். மூன்று பேர் ஒரே பிள்ளையைப் பார்த்து அமத்தினாலும் மூன்று நேரம் வரும். உலகத் தடகள விதி இதற்கு ஒரு வழி சொல்கிறது. இரண்டு கடிகாரம் ஒத்துவந்தால் அந்த நேரம். மூன்றும் வேறுவேறு என்றால் நடுவில் உள்ளது. ஒரு கடிகாரம் வேலை செய்யாமல் இரண்டுதான் மிஞ்சினால், அதில் கூடின நேரம். பிறகு, கையால் எடுத்த நேரத்தைப் பத்தில் ஒரு செக்கனுக்கு மேல்நோக்கி மாற்ற வேண்டும். 11.82 என்று காட்டினால் 11.9. 11.80 என்று சரியாக நின்றால் மட்டும் 11.8.

இதை நான் கணினி அட்டவணையில் இப்படி எழுதினேன்:

```
=ARRONDI.SUP(MEDIANE(B2:D2);1)
```

`MEDIANE` நடுவில் உள்ளதை எடுக்கும், `ARRONDI.SUP` மேல்நோக்கி மாற்றும். ஆனால் இரண்டு நேரம் மட்டும் இருந்தால் `MEDIANE` அந்த இரண்டுக்கும் சராசரி எடுத்துவிடும். விதி கேட்பது சராசரி இல்லை, கூடின நேரம். அந்த வரிசைகளில் `MAX` போட வேண்டும். கணினி கேட்டதைத்தான் செய்யும், நினைத்ததைச் செய்யாது.

கடிகாரத்தை எப்போது தொடங்குவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஓட்டத்தைத் தொடக்கி வைக்கிற மாமா இரண்டு பலகையைச் சேர்த்து ‘டப்’ என்று தட்டுவார். பிரான்ஸில் இதைக் ‘கிளாக்குவார்’ என்பார்கள். நேரம் எடுப்பவர்கள் நிற்பது 75 மீற்றர் தள்ளி, முடிவுக் கோட்டில். சத்தம் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 340 மீற்றர்தான் போகும். 75 மீற்றர் வர ஐந்தில் ஒரு செக்கனுக்கு மேல் எடுக்கும். சத்தத்தைக் கேட்டு அமத்துகிறவருக்கு, பிள்ளைகள் ஏற்கெனவே ஓடத் தொடங்கினபிறகுதான் கடிகாரம் தொடங்கும். அதனால் கண்ணால் பலகை மூடுவதைப் பார்த்து அமத்த வேண்டும். எல்லாரும் காதால் அமத்தினால் எல்லா நேரமும் ஒரேயளவு குறையும், அதைக்கூடப் பொறுக்கலாம். ஒருவர் கண்ணாலும் மற்றவர் காதாலும் அமத்தினால்தான் ஆபத்து. காலையில் பிள்ளைகள் வர முன்னமே நாலு தரம் வெறுமனே பலகை தட்டிப் பார்த்தோம். ஒருவருடைய நேரம் ஒவ்வொரு தரமும் மற்றவர்களைவிட 0.2 குறைந்தது. “மாமா, நீங்கள் கேக்கிறியள், பாக்கேல்ல,” என்றாள் பக்கத்தில் நின்ற என் மகள். அவர் சிரித்தார். பிறகு பார்த்தார்.

கடிகாரத்தை நிறுத்துவது நெஞ்சைப் பார்த்து. தலை, கை, கால் எது முன்னுக்கு வந்தாலும் கணக்கில்லை. பியர்ஃபித்தில் இருந்து ஆர்.இ.ஆர். டி ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஸ்தாத் து பிரான்ஸ். 2024 ஓகஸ்ட் 4 ஆம் திகதி, அங்கே ஒலிம்பிக் ஆண்கள் 100 மீற்றர் இறுதி ஓட்டம். அமெரிக்காவின் நோவா லைல்ஸ், ஜமெய்க்காவின் கிஷேன் தொம்சன் இரண்டு பேருக்கும் பலகையில் 9.79 என்றுதான் வந்தது. முடிவுக் கோட்டுப் படத்தை நுணுக்கமாகப் பார்த்தபோது லைல்ஸ் 9.784, தொம்சன் 9.789. தொம்சனின் கால் முதலில் கோட்டைத் தாண்டியிருந்தது, ஆனால் லைல்ஸின் நெஞ்சு முந்திவிட்டது. அங்கே ஒரு செக்கனில் 40,000 படம் வரை எடுக்கிற கருவி இருந்தது. எங்களிடம் ஒன்பது பெருவிரல்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம்.

முதல் ஓட்டத்தில் வென்ற பிள்ளை 12.4. இரண்டாம் ஓட்டத்தில் வென்றவள் 11.7, அவளுக்கு அடுத்தது 214 ஆம் எண், 11.9. மூன்றாம் ஓட்டத்தில் 12.0, அடுத்தது 12.2. நாலாவது ஓட்டத்தில் நாலே பேர்தான், ஆனால் எல்லாரும் மின்னல்: 11.5, 11.8, 11.9. பாருங்கள், அதில் மூன்றாவதாக வந்தவள் முதல் ஓட்டத்தில் வென்றவளைவிட அரைச் செக்கன் வேகம்.

நாலாவது ஓட்டத்தின் துண்டுத் தாள் என் மேசைக்கு வந்தது. மூன்றாமிடம்: எண் 214. என்னடா இது, 214 இரண்டாம் ஓட்டத்தில் ஓடிவிட்டாளே! ஒரு பிள்ளை இரண்டு தரம் ஓடியிருக்க முடியாது. நாங்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதலே பெயர், எண், சுவடு எல்லாம் அச்சடித்து வைத்திருந்தோம். நாலாவது ஓட்டப் பட்டியலில் 203, 219, 241, 256 என்ற எண்கள்தான். அவசரத்தில் யாரோ 241 ஐ மாற்றி எழுதியிருக்கிறார்கள் போல. ‘போல’ என்று வைத்து முடிவு எழுதக் கூடாது. முடிவுக் கோட்டு நடுவர் அதே துண்டில் சுவடும் எழுதியிருந்தார்: சுவடு 4. பட்டியலில் நாலாம் சுவட்டில் ஓடினது 241. எண்ணும் சுவடும் இரண்டையும் எழுதச் சொல்வது இதற்குத்தான். நடுவரைக் கூப்பிட்டேன். அவரே வெட்டி, சரியாக எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். நான் அழிக்கவில்லை. பழைய எழுத்தும் கீழே தெரிய வேண்டும்.

ஆனால் இப்ப புதுப் பிரச்சினை. நாலு வெற்றியாளர்கள் போக, 11.8 எடுத்தவளுக்கு ஐந்தாவது இடம். ஆறாவது இடத்துக்கு இரண்டு பேர்: 214 உம் 241 உம். இரண்டு பேருக்கும் 11.9. சுவடு மிச்சம் ஒன்றுதான்.

ஏழாவது சுவடு இருந்திருந்தால் இரண்டு பேரையும் விட்டிருக்கலாம். இல்லாதபோது சீட்டுக் குலுக்குவது என்று விதி சொல்கிறது. அதை எங்கள் போட்டி விதித் தாளிலும் முன்னமே எழுதி, எல்லாப் பள்ளிக்கும் கொடுத்திருந்தோம். ஒரு தொப்பிக்குள் இரண்டு துண்டு. இரண்டு பள்ளிப் பொறுப்பாளர்களும் பார்த்துக்கொண்டு நிற்க, தலைமை நடுவர் எடுத்தார். 241.

214 இன் முகத்தை நான் பார்த்தேன். அவள் அழவில்லை. சப்பாத்து நாடாவைக் கழற்றிக் கழற்றிக் கட்டினாள்.

முடிவுத் தாளை மதிலில் ஒட்டி, ஒட்டின நேரத்தையும் எழுதினோம்: 14.20. அதிலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் ஆட்சேபம் சொல்லலாம். பத்து நிமிஷத்தில் 214 இன் அப்பா வந்தார். கோபமாகத்தான் வந்தார்.

“தம்பி, என்ர பிள்ளைக்குக் கடிகாரத்தில 11.86 எண்டு நிண்டதாம். மற்றப் பிள்ளைக்கு 11.88. அப்ப என்ர பிள்ளைதானே வேகம்?”

“இருங்கோ அண்ணை, தாளைக் காட்டுறன்,” என்றேன்.

214 க்கு மூன்று கடிகாரமும் 11.84, 11.86, 11.91. நடு 11.86. 241 க்கு 11.79, 11.88, 11.89. நடு 11.88. அவர் சொன்னது சரிதான்.

“இந்த 241 ஐப் பாருங்கோ அண்ணை. ஒரே பிள்ளை, ஒரே ஓட்டம். மூண்டு பேர் அமத்தினதில குறைஞ்சது 11.79, கூடினது 11.89. நூறில பத்துப் பங்கு வித்தியாசம். எங்கட விரலே பத்துப் பங்கு ஆடேக்க, இரண்டு பங்கை வைச்சு ஆர் வேகம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

அவர் தாளைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெட்டி எழுதின இடத்தைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்டார். அதையும் சொன்னேன். சுவடு எண்ணைக் காட்டினேன். கைத்தொலைபேசியில் தாளைப் படம் எடுத்தார்.

“சரி, கருவி இருந்திருந்தால் தெரிஞ்சிருக்கும்,” என்றார்.

“ஓம் அண்ணை, தெரிஞ்சிருக்கும்.”

14.50 வரைக்கும் வேறு யாரும் வரவில்லை. இறுதி ஓட்டம் 15.10 க்கு நடந்தது. 241 மூன்றாவதாக வந்தாள். நேரம் 11.8. மூன்று கடிகாரத்தில் ஒன்று நின்றுவிட்டதால், அந்த வரிசைக்கு மட்டும் நான் `MAX` போட்டேன்.