இலை நுனி இடப்பக்கம்

மதுரை வில்லாபுரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். இரவு பத்தரை மணி. வரவேற்பின் கடைசிப் பந்தியில் ரசம் போய்க்கொண்டிருந்தது. மேடைக்கு எதிரே உள்ள தூணில், ஆள் உயரத்துக்கும் மேலே, ஏணியில் நின்று ஒரு கைப்பேசியைக் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான் எடிட்டர் தம்பி. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நான்.

இந்த மண்டபத்தில் மேடை அலங்காரம் அக்காவுடையது, சமையல் அவர் கணவருடையது. ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. பன்னிரண்டு வருடமாக இருவரும் சேர்ந்து கல்யாணம் எடுத்துச் செய்கிறார்கள். அக்காவின் கைப்பேசியில் நாலாயிரம் படங்களுக்கு மேல் இருந்தன. அவற்றில் 42 படங்களைப் பொறுக்கி ஒரு நிமிட ரீல் ஒன்றை முன்பு யாரோ செய்து கொடுத்திருந்தார்கள். அதற்கு ஆள் சேரவில்லை. அதனால்தான் தம்பி வந்திருந்தான். அவன் வேலை பார்ப்பதைப் பார்க்க நான் வந்திருந்தேன்.

அந்தப் பழைய ரீலை மண்டபத்து வாசலில் நின்றே பார்த்தேன். ஒவ்வொரு படமும் ஏறக்குறைய ஒன்றரை நொடி நிற்கிறது. மெதுவாகப் பெரிதாகிறது. கரைந்து அடுத்தது வருகிறது. அதுவும் மெதுவாகப் பெரிதாகிறது. படங்கள் எல்லாம் படுக்கைவாட்டில் எடுத்தவை. நெட்டுக்குத்தான திரையில் வைத்ததால் மேலும் கீழும் மங்கலான பட்டை. மேடைகள் நிஜமாகவே அழகு. ஆனால் நாலாவது படத்தில் என் விரல் தானாகத் தள்ளிவிடப் பார்த்தது.

“படம் மோசமில்ல சார். மூணாவது படத்துக்குள்ள நம்ம கண்ணு கணக்கைப் புடிச்சிருது. இனிமே என்ன வரும், எவ்வளவு நேரம் நிக்கும்னு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் எதுக்குப் பாக்கணும்?” என்றான் தம்பி. பார்வையாளர்கள் எந்த நொடியில் விலகுகிறார்கள் என்று காட்டும் கோட்டையும் எடுத்துக் காட்டினான். அது தொடக்கத்திலேயே படிக்கட்டில் உருண்டமாதிரி சரிந்திருந்தது.

அவன் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த 42 படங்களிலும் எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. மேடை முடிந்துவிட்டது, இலை நிறைந்துவிட்டது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எதுவும் போவதில்லை. படத்துக்குப் பதில் வீடியோவை வெட்டி ஒட்டினாலும் இதே கதைதானாம். முடிந்த மேடையைச் சுற்றி ஒரு வட்டம், அடுத்த மேடையைச் சுற்றி ஒரு வட்டம் என்று போட்டால் அதுவும் படவரிசைதான், என்ன, அசைகிற படவரிசை.

அதனால் பன்னிரண்டு வருடத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு ராத்திரியை எடுப்பது என்று முடிவானது. வரவேற்பு மேடையைக் கழற்றி, விடிவதற்குள் அங்கே மணவறை எழுப்பியாக வேண்டும். முகூர்த்தம் ஆறு மணிக்கு. பின்கட்டில் அதே நேரத்தில் காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வேலை நடக்கும். பொழுது விடிவதே கெடு என்பதால், கதைக்கு வேறு முடிச்சு தேவைப்படவில்லை.

அக்காவுக்கு இதில் ஒப்புதல் இல்லை. “ஒரே கல்யாணத்தக் காட்டுனா நம்மகிட்ட வேற டிசைனே இல்லன்னு நெனச்சிருவாங்க தம்பி.” அவர் கேட்டது நியாயம். தம்பி பிறகு அதற்கு ஒரு வழி வைத்திருந்தான்.

தூணில் ஏறிய கைப்பேசி இராமுழுக்க ஓடவில்லை. அப்படி ஓடவிட்டு வேகம் கூட்டினால் ஆட்கள் எறும்புபோல ஊர்வார்கள், முகமும் தெரியாது கையும் தெரியாது. அரைமணிக்கு ஒருமுறை பத்து நொடி மட்டும் எடுத்தான். இடம் மாறாது, சட்டம் மாறாது, மேடை மட்டும் மாறும். வெளிச்ச அளவையும் நிறத்தையும் முதலிலேயே பூட்டிவிட்டான். இல்லையென்றால் வண்ண விளக்கு அணைந்து டியூப் லைட் எரிந்ததும் கைப்பேசி தானாகச் சரிசெய்துகொண்டு, ஒரே சுவர் ஒருமுறை மஞ்சளாகவும் ஒருமுறை நீலமாகவும் வந்துவிடும்.

சீரியல் செட் தனித் தொல்லை. முதல் சோதனையில் திரையில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே நகர்ந்தன. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. சாதாரண எல்.இ.டி. விளக்குகள் பலவும் அதை ஒட்டியே நொடிக்கு 100 முறை துடிக்கும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது. கேமராவை நொடிக்கு 25 சட்டம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று மாற்றியதும் பட்டை நின்றது. மெதுவோட்டத்தில் எடுத்தால் மறுபடி வந்துவிடும் என்பதால், பூ விழுவதை மெதுவோட்டத்தில் எடுக்கவேண்டும் என்ற அக்காவின் ஆசையை அந்த விளக்குக்கு அடியில் நிறைவேற்ற முடியவில்லை. பகல் வெளிச்சத்தில் எடுக்கலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

பதினொன்றேகாலுக்கு முதல் காட்சி. முடிந்த வரவேற்பு மேடை ஜொலிக்கிறது, விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக அணைகின்றன. “எடுத்த எடுப்புலயே இருட்டையா காட்டுவ?” என்று அக்கா பதறினார். ஆனால் அழகான மேடையை அணைத்தால்தான், அய்யோ ஏன் என்று ஒருவர் நிற்பார் என்பது தம்பியின் கணக்கு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ராத்திரி ஒரு மணிவாக்கில் இரும்பு ஏணியைத் தூக்கிப்போன பையன் ஒருவன் தூணில் இடித்துவிட்டான். யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் வெட்டும்போதுதான் தெரிந்தது, அதுவரை எடுத்த மேடை ஓரிடத்தில், அதற்குப்பின் எடுத்தது விரற்கடை தள்ளி. அடுத்தடுத்து வைத்தால் மேடை குதிக்கிறது. பிந்தைய காட்சிகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, மேடையோரத் தூணின் விளிம்பை முந்தையதோடு ஒட்டவைத்துச் சரிசெய்தான். நல்லவேளை, இடி பலமில்லை.

பின்கட்டுக்குப் போனேன். கோட்டை அடுப்பில் அண்டா ஏறியிருந்தது. நாலு பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி இங்கே படத்தைவிடச் சத்தத்துக்குத்தான் அலைந்தான். முருங்கைக்காய் நறுக்கும் சத்தம், எண்ணெயில் கடுகு, அண்டாவின் அடியைச் சுரண்டும் கரண்டி, எல்லாவற்றையும் இன்னொரு கைப்பேசியில் ஒரு முழத்துக்குள் வைத்துத் தனியாகப் பதிந்தான். வணிகக் கணக்குக்குச் சினிமாப் பாட்டு பலதும் கிடைக்காது என்பது ஒரு காரணம். பாட்டின் தாளத்துக்கு வெட்டினால் மறுபடி அதே சம இடைவெளி வந்து கண் கணக்கைப் பிடித்துவிடும் என்பது பெரிய காரணம். மேடையில் ஆணியடிக்கும் சத்தம் நிற்பதற்கு முன்பே அடுக்களைக் கடுகு வெடிக்கத் தொடங்கினால், படம் மாறுமுன் காது அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது.

மேடையையும் சாப்பாட்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கடைசிவரை இழுத்தது. இரண்டும் தனித்தனியாக நின்றால் ரீல் நடுவில் முறிந்துவிடும். விடிகாலை மூன்றரைக்கு மணவறையின் பின்திரையை இரண்டு பேர் இழுத்துக் கட்டினார்கள். வெள்ளைத்துணி வலமிருந்து இடமாக ஓடியது. பகல் பதினொன்றுக்குப் பந்தி மேசையில் ஒருவர் வெள்ளைப் பேப்பர் ரோலை இடமிருந்து வலமாக உருட்டிக்கொண்டு போக, பின்னாலேயே இன்னொருவர் இலை போட்டுக்கொண்டு போனார். தம்பியின் கண் இதில் நின்றுவிட்டது. துணி ஓடி முடிவதற்குள் வெட்டி, பாதியில் ஓடும் பேப்பரை வைத்தால் இரண்டும் ஒரே ஓட்டமாகிவிடும். ஆனால் திசை எதிரெதிர். ஒட்டிப் பார்த்தபோது முகத்தில் இடித்தாற்போல் இருந்தது.

பேப்பர்க் காட்சியைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பிப் போட்டான். ஓட்டம் அற்புதமாகச் சேர்ந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கழுத்துத் துண்டில் கையைத் துடைத்தபடி ஒருமுறைதான் பார்த்தார்.

“என்ன தம்பி, இலை நுனி வலப்பக்கம் கெடக்கு?”

சாப்பிடுகிறவருக்கு இடக்கைப் பக்கம் நுனி வரவேண்டும். திருப்பியதில் அந்த வரிசையே மாறிப்போயிருந்தது. ஒரு சமையல்காரரின் விளம்பரத்தில் முப்பது இலையும் தப்பாகப் போட்டிருந்தால், சமையலைப் பற்றிப் பிறகு யார் பேசுவார்கள்? தம்பி அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு அவனே, பேப்பரை இருந்தபடி விட்டுத் துணியைத் திருப்பினான். துணி இழுத்தபோது மணமக்கள் பெயர்ப்பலகை இன்னும் ஏறவில்லை, கிட்டத்தில் எடுத்த காட்சி, கதவோ எழுத்தோ எதுவும் இல்லை. திருப்பியது யாருக்கும் தெரியாது. பெயர்ப்பலகை மட்டும் அரைமணி முந்தி ஏறியிருந்தால் அந்தக் காட்சியே போயிருக்கும்.

இலைக் காட்சிக்கும் மாஸ்டரின் கண்தான். ஒற்றை இலை, மேலிருந்து பார்க்கும் கேமரா, கைகள் மட்டும் வந்து வந்து போகும். உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் என்று முறைப்படி. சாப்பிடுகிறவர்களை எடுக்கவில்லை. வாயில் சோற்றோடு தன்னைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது. ஜன்னலோர மேசையைத் தேர்ந்தது வெளிச்சத்துக்காக. சோற்றின் ஆவி, வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்தால்தான் தெரியும். அப்பளத்தைச் சாம்பாருக்குப் பிறகு கடைசியாக வைக்கச் சொன்னார் மாஸ்டர். முன்னாலேயே வைத்தால் ஆவியில் நமுத்துப்போய், நொறுங்கும் சத்தம் கிடைக்காதாம்.

அக்காவின் கேள்விக்குத் தம்பி வைத்திருந்த வழி இது. மணவறை முழுசாக எழுந்து நிற்கும் இடத்தில், பழைய படங்களைக் கண்சிமிட்டும் நேரத்துக்கு நுழைப்பது. ஆனால் எல்லாப் படத்திலும் நடுநாற்காலி இரண்டும் திரையில் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கவேண்டும். நாற்காலி அசையாமல் நிற்க, அதைச் சுற்றிச் சம்பங்கி கேந்தியாகிறது, கேந்தி தாமரையாகிறது, வாழைமரம் தென்னங்குருத்தாகிறது. ஒன்று நிற்பதால்தான் மற்றது மாறுவது தெரிகிறது. நாலாயிரத்தில் அப்படி நேராக, அதே உயரத்திலிருந்து எடுத்தவை ஆறுதான் தேறின. மொத்தம் மூன்று நொடி.

ஆறில் அக்காவுக்குப் பிடித்த மேடை இல்லை. ஆர்க்கிட் பூ வரவழைத்துச் செய்தது, அதுவரை செய்ததிலேயே செலவு அதிகமானது. அது பக்கவாட்டில் நின்று எடுத்த படம். “அரை நொடி போதும் தம்பி, சொருகிரு” என்றார். தம்பி மறுத்துப் பேசவில்லை. தொலைபேசி எண்ணை அடியில் போடச் சொன்னபோதும் இப்படித்தான், போட்டுக் காட்டினான். அது பொத்தான்களுக்கும் தலைப்பு வரிக்கும் கீழே மறைந்துபோனதைப் பார்த்து அக்காவே நடுவுக்கு ஏற்றச் சொன்னார்.

ஆர்க்கிட் மேடையைச் சொருகி ஓட்டினான். சம்பங்கி, கேந்தி, தாமரை என்று நாற்காலி அசையாமல் இருந்தது. ஆர்க்கிட் வந்ததும் நாற்காலி இரண்டும் துள்ளி ஓரத்துக்குப் போய், அடுத்ததில் திரும்பி வந்தன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை பாதியிலேயே விரலால் நிறுத்தினார்.

“எடுத்துரு.”

பிறகு என் பக்கம் திரும்பி, “அடுத்த முகூர்த்தத்துல இருந்து போட்டோ எடுக்குற பையன தூணுக்கு நேரா நிக்கச் சொல்லணும் சார்” என்றார். பந்தியில் பேப்பரை எச்சில் இலைகளோடு சேர்த்துச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். தம்பி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினான்.