பொண்ணு குடுத்த வீடு

ஹவுஸ் ஆஃப் தி டிராகன் பார்க்கிற கூட்டாளிகளுக்கு பொன்னியின் செல்வன் படத்தில் ஒரே ஒரு சந்தேகம். "மதுராந்தகன் பக்கம் ஏன்டா இத்தனை பேரு?" பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி கேன்டீனில், டிஷ்யூ பேப்பரில் ஒரு வம்சாவளி வரைந்து காட்டினேன்.

முதல் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் 949-இல் தக்கோலத்தில் யானை மேலேயே இறந்துபோகிறான். அடுத்தவர் கண்டராதித்தர். அவர் மறையும்போது மகன் மதுராந்தகன் சின்னப் பிள்ளை. அதனால் பட்டம் தம்பி அரிஞ்சயனுக்கும், பிறகு அவன் மகன் சுந்தர சோழனுக்கும் போகிறது. பிள்ளை வளர்ந்துவிட்டான், மூத்தவர் மகன் நான்தானே என்கிறான். நியாயம்தான். ஆனால் அவனுக்குப் படை கிடையாது. பெற்ற தாய் செம்பியன் மாதேவியே அவன் ஆளக் கூடாது என்கிறார்.

அப்புறம் எப்படிக் கதை நகர்கிறது? இங்கேதான் வம்சாவளியில் குறுக்குக் கோடு போட வேண்டும். கல்கியின் கதையில் மதுராந்தகன் சின்னப் பழுவேட்டரையரின் மருமகன். தஞ்சைக் கோட்டைக் காவல் மாமனார் கையில், கஜானா அவருடைய அண்ணன் கையில். எதிர்ப்பக்கம் போடுகிற கோடுகளும் இதே மாதிரிதான். ஆதித்த கரிகாலனுக்கு அம்மா வழித் தாத்தா திருக்கோவலூர் மலையமான். அருள்மொழிக்குப் பார்த்து வைத்திருக்கும் வானதி, கொடும்பாளூர் பெரிய வேளாரின் தம்பி மகள். ஈழத்துப் படை அந்தப் பெரியப்பாவிடம் இருக்கிறது. செங்குத்துக் கோடு உரிமையைத்தான் சொல்லும். யார் வாளெடுப்பார்கள் என்பதைச் சொல்வது குறுக்குக் கோடு.

ரத்த சொந்தம் போதாதா? கல்கியை விட்டுவிட்டுச் செப்பேட்டைப் பார்ப்போம். அரிஞ்சயனின் தாய் ஒரு பழுவேட்டரையரின் மகள் என்கிறது அன்பில் செப்பேடு. அப்படியென்றால் பழுவூர் ரத்தம் ஓடுவது சுந்தர சோழனின் உடம்பில். மதுராந்தகனோ அந்த அம்மா வழியில் வந்தவன் இல்லை. ரத்தத்தை மட்டும் எண்ணினால் பழுவூர்க்காரர்கள் சுந்தர சோழன் பிள்ளைகளோடுதான் நிற்க வேண்டும். நாவலில் அவர்கள் நிற்பது எதிர்ப்பக்கம். ஏனென்றால் பாட்டி கொண்டுவந்த சொந்தம் முடிந்துபோன கணக்கு. மகளைக் கொடுத்த சொந்தம் இனிமேல் வரவேண்டிய கணக்கு. அவள் பிள்ளை நாளைக்கு ராஜா.

ஹைடவர் வீட்டு ஓட்டோவும் இதைத்தான் செய்கிறார். மகள் அலிசென்டை ராஜா விசேரிஸுக்குக் கட்டிக்கொடுக்கிறார். விசேரிஸ் வாரிசாக அறிவித்தது முதல் மனைவியின் மகள் ரெய்னிராவை. ஓட்டோ தூக்கிப்பிடிப்பது மகள் வயிற்றுப் பேரன் ஏகானை. இதைச் சொன்னதும் கூட்டாளிகளுக்கு மதுராந்தகன் பிடிபட்டுவிட்டான்.

எந்த அரச வம்சக் கதைக்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணத்தை அழித்துவிட்டு, கதை நிற்கிறதா என்று பார்ப்பேன். சின்னப் பழுவேட்டரையர் மகளின் கல்யாணத்தை அழித்துப் பாருங்கள். மதுராந்தகன் வெறும் மனக்குறையோடு கோயில் கோயிலாகச் சுற்றுகிற ஒரு சித்தப்பா, அவ்வளவுதான். சதிக்கு ஆள் சேராது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் "பொண்ணு குடுத்த வீடு" என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண்ணின் குரல் மட்டும் ஐந்து பாகத்திலும் சரியாகக் கேட்கவில்லை. கதைக்குத் தேவைப்பட்டது அவள் கல்யாணம்தான்.