தம்பி, அந்த 'வரி'யைக் கட்டாதே

அன்புத் தம்பிக்கு,

முதலில் நீ அனுப்பிய 5,000 ரூபாய்க்கு 800 ரூபாய் இலாபம் வந்தது உண்மைதான். அது உன் நம்பிக்கையை வாங்க அவர்கள் கொடுத்த விலை. இன்று செயலியில் தெரியும் நான்கு இலட்சம், அவர்களே இட்ட வெறும் எண். அதை எடுக்க 40,000 ரூபாய் 'வரி' கேட்கிறார்களாம். வருமான வரி அரசுக்குச் செலுத்துவது. முன்பின் அறியாத ஒருவரின் வங்கிக் கணக்கில் அதை எவரும் கட்டுவதில்லை. அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் ஒரு கணக்கு! இதைக் கட்டினால் நாளை இன்னொரு கட்டணம் சொல்வார்கள்.

'ஹலால் முதலீடு' என்றார்களாம். முளாரபாவில் நட்டம் வந்தால் முதலிட்டவரே தாங்க வேண்டும். இலாபத்திற்கு உறுதி தருவது அதில் இல்லை. பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனமும் ஹலால் என்று சொல்லித்தான் நம் மக்களிடம் திரட்டியது. 2019 ஜூனில் அதன் வாசலில் கூட்டம் அழுது நின்றது.

இன்றே 1930 எண்ணுக்கு அழைத்துச் சொல். பணம் கணக்கு மாறிச் செல்லுமுன் தெரிந்தால் முடக்க வாய்ப்புண்டு. உரையாடல்களை அழித்துவிடாதே. பிறகு கோச்சடைக்கு வா, புகாரைச் சேர்ந்தே எழுதுவோம். அத்தாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அக்கா