திங்கட்கிழமைக் கணக்கு

கினிகத்தேனையில நம்ம தங்கச்சி ஒருத்திக்கு ஆஸ்திரேலிய மாணவர் விசா வந்திச்சு. கடிதத்தை நாங்க சேர்ந்திருந்து வாசிச்சோம். எல்லாரும் முதல்ல தேடினது 8105 நிபந்தனையைத்தான். படிப்பு தொடங்க முன்னம் வேலை செய்யக் கூடாது. தொடங்கின பிறகு, வகுப்பு நடக்கும் காலத்தில் 14 நாளைக்கு 48 மணித்தியாலம். விடுமுறையில் வரம்பில்லை.

அதை வாரத்துக்கு 24 என்று நாங்க பிரிக்கப் பார்த்தோம். அப்படியில்லை, அந்த 14 நாள் எந்தத் திங்கட்கிழமையிலிருந்தும் எண்ணப்படும். முதல் வாரம் 18, அடுத்தது 30, மூன்றாவது 20 என்று வைப்போம். முதல் இரண்டும் 48, சரி. பின் இரண்டும் 50! அங்கேதான் மீறல். இரண்டு வாரச் சம்பளத் துண்டில் இது கண்ணில் படாமலே போகலாம்.

‘இதுவரை தங்கலாம்’ என்ற திகதியும் அப்படித்தான். படிப்பை இடையில் கைவிட்டால் 8202 மீறப்படும். திகதி மிச்சமிருந்தாலும் விசா ரத்தாகலாம்.