அடியில் எழுதுவது

எங்கள் நத்தத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். 1755இல் கோயில் திருமேனிகளைக் கவர்ந்து சென்ற கர்னல் ஹெரானின் படையை, நத்தம் கணவாயில் கள்ளர் நாட்டார் தாக்கினர். இச்செய்தியை நான் இராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றின் வழியாகவே அறிகிறேன். ஆகவே அவ்வரியின் முடிவில் ஓர் எண் இட்டு, பக்கத்தின் அடியில் ஆசிரியர், நூல், தொகுதி, பக்கம் ஆகியவற்றைத் தந்தேன். இது சான்றுக் குறிப்பு. ஐயம் கொள்பவர் அப்பக்கத்தைத் திறந்து, நான் எதையேனும் கூட்டிச் சொன்னேனா எனப் பார்க்கலாம். பக்க எண்ணை விட்டுவிட்டால் அவர் தொகுதி முழுவதையும் புரட்ட வேண்டும்.

ஓர்ம், சென்னையில் கும்பினியின் ஆட்சிக்குழுவில் இருந்தவர். படையைத் தாக்கியவர்களை அவர் எதிரிகளாகவே கண்டிருப்பார். இதைக் கட்டுரைக்குள் சொன்னால் கணவாய் நிகழ்ச்சி இடையில் அறுந்துவிடும். சொல்லாவிட்டால் படிப்பவர் அவரை நடுநிலையாளர் என்று நம்பிவிடுவார். எனவே அதையும் அடியில் வைத்தேன். இது விளக்கக் குறிப்பு. நான் ஓர்மின் சார்பையே ஆராய்ந்திருந்தால், அது கட்டுரையின் உடலுக்கே உரியது. அடியில் ஒதுக்குவது முறையன்று.

நத்தம் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது என்பதற்கு எக்குறிப்பும் வேண்டா. மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் கழுமரம் ஏறுவதையும் அடியில் சேர்க்க மனம் இழுத்தது. கணவாய்ப் போருக்கும் அதற்கும் தொடர்பில்லை, விட்டுவிட்டேன்.