உண்டும் உடல் தேறாத பிள்ளைகள்

என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒல்லியான மாணவர் இருவர் இருந்தனர். ஒருவன் தந்தையின் உடல்வாகு கொண்டவன். நன்றாக உண்பான், ஓயாமல் ஓடியாடுவான். எடை ஆண்டுக்கு 2 கிலோ சீராக ஏறியது; உயரமும் கூடியது. அவனுக்கு நோயேதும் இல்லை.

மற்றவன் சிற்றுண்டிச்சாலையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் உண்டும், இரண்டே மாதங்களில் 3 கிலோ குறைந்தான். ஓயாத தாகம், பாடவேளைதோறும் கழிப்பறை. அன்றே தாயாரிடம் தெரிவித்தேன். பரிசோதித்த மருத்துவர், முதல் வகை நீரிழிவு என்றார். இன்சுலின் சுரக்காததால், உண்ட உணவின் சர்க்கரை உடலில் சேராமல் சிறுநீரில் வெளியேறியிருக்கிறது.

பெற்றோரே, ஒல்லியாயிருப்பது வேறு. எடை இறங்குவது வேறு. தாகமும் சிறுநீரும் மிகுந்து எடை இறங்கினால், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வாந்தியோ மூச்சிரைப்போ சேர்ந்தால், நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.