முதல் மெசேஜ் யார் போடுவது?



"எப்பவும் நாங்கதான் முதல்ல மெசேஜ் போடுறம். அவங்களுக்கு எங்கட நினைப்பே இல்ல." பாடசாலை ஓய்வறையிலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் அடிக்கடி கேட்கிற மனத்தாங்கல் இது. எங்கள் வீட்டில் வாட்ஸ்அப்புக்கு முந்தின ஒரு கதை இருக்கிறது. அதை வைத்து இதை யோசித்துப் பார்க்கிறோம்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம்தான் கிடைத்தது. சோனகதெருவிலிருந்து கிளம்பிய எங்கள் குடும்பம் கடைசியில் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தது. பக்கத்து வளவில் ஒரு தமிழ் ரீச்சர் இருந்தா. உம்மாவுக்கு உயிர்ச் சிநேகிதி. புத்தளத்திலிருந்து முதல் கடிதம் போட்டது உம்மாதான். அடுத்ததும் உம்மாதான். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. ஆனால் தானாக ஒரு கடிதமும் வரவில்லை. "நாமதான் எழுதணும்போல" என்று வாப்பா சொல்வாராம்.

முதல் கடிதத்துக்குக் காரணம் சுலபம். வெளியேறிப் போனவருக்கு, இருந்தவரின் விலாசம் தெரியும். இருந்தவருக்கு, போனவர் எங்கே என்று தெரியாது. உம்மா எழுதாவிட்டால் ரீச்சரால் எழுதவே முடியாது.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. ரீச்சர் குடும்பம் தென்மராட்சியில் யாரோ ஒருவரின் விறாந்தையில். இப்போது உம்மாவிடம் இருந்த விலாசத்தில் ஆளில்லை. மாதக்கணக்கில் பிந்தி ஒரு கடிதம் புத்தளத்துக்கு வந்தது. அந்த முறை முதலில் எழுதியது ரீச்சர். விலாசம் கை மாறியதும் முதல் கடிதமும் கை மாறிவிட்டது.

அவ ஊர் திரும்பின பிறகு இரண்டு பேரிடமும் விலாசம் இருந்தது. ஆனாலும் பழையபடி உம்மாதான் முதலில் எழுதினா. 2002இல் ஏ9 பாதை திறந்து நேரே கண்டபோதுதான் காரணம் தெரிந்தது. "நீங்க போகேக்க வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். எந்த முகத்தோட நான் முதல்ல எழுதுறது?" அக்கறையின்மை என்று வாப்பா நினைத்தது வெட்கமாக இருந்திருக்கிறது. அவ போட்ட பதில்களை எடுத்துப் பார்த்தால் இது முன்னமே தெரிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் எங்கள் வளவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறா: எத்தனை ஓடு விழுந்திருக்கு, கிணற்றில் தண்ணீர் எப்படி, முருங்கை நிற்குதா. உம்மா பேனா எடுத்தா. ரீச்சர் நடந்து போய்ப் பார்த்தா. முதலில் எழுதியது யார் என்று மட்டும் எண்ணினால் அந்த நடை கணக்கில் வராது.

சலாம் சொல்லும் ஒழுங்கும் இதைத்தான் காட்டுகிறது. வாகனத்தில் போகிறவர் நடக்கிறவருக்கு, நடக்கிறவர் உட்கார்ந்திருப்பவருக்கு, சிறு கூட்டம் பெருங்கூட்டத்துக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். யாருக்கு அன்பு கூட என்று அங்கே அளக்கவில்லை. யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதுதான் தொடங்குபவரைத் தீர்மானிக்கிறது.

இன்று எல்லோரிடமும் நம்பர் இருக்கிறது, நீல டிக்கும் தெரிகிறது. அதனால் நிலை என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறோம். எங்களோடு கல்வியியற் கல்லூரியில் படித்த இருவர். இருவருக்கும் நாங்கள்தான் எப்போதும் முதலில். ஒருவர் இரவு பதினொன்றுக்கு, பிள்ளைகள் தூங்கின பிறகு, நீளமாக வொய்ஸ் போடுவார். "உம்மாட சுகர் குறைஞ்சதா?" என்று போன மாதம் சொன்னதை ஞாபகமாகக் கேட்பார். மற்றவர் "ம்ம்", "ஓகே", கட்டைவிரல். திருப்பி ஒரு கேள்வி இல்லை. அவருக்கு இடமாற்றப் படிவம் தேவைப்பட்ட வாரம் மட்டும் மெசேஜ் முதலில் அங்கிருந்து வந்தது. முதல் மெசேஜை மட்டும் எண்ணினால் இருவரும் ஒன்று. பதிலுக்குள் போய்ப் பார்த்தால் ஒருவர் ரீச்சர், மற்றவர் அப்படியில்லை.

சிலர் இதைக் கண்டுபிடிக்க மெசேஜ் போடுவதை நிறுத்திப் பார்க்கிறார்கள். சொல்லாமல் வைக்கிற பரீட்சை அது. மற்றவருக்குத் தான் எழுதுவதே தெரியாது. அந்த மௌனத்துக்குக் களைப்பு, வெட்கம், அக்கறையின்மை எதுவும் காரணமாகலாம். மூன்றுக்கும் ஒரே புள்ளிதான் விழும். அதைவிட "இந்த முறை நீங்க எடுங்க, வெள்ளி பின்னேரம் வீட்டிலதான் இருப்பம்" என்று நேரே சொல்லிவிடலாம். விலாசத்தைக் கையில் கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகும் ஒன்றும் வரவில்லை, பதிலிலும் நடை இல்லை என்றால், அப்போது அந்த ஏற்றத்தாழ்வு உண்மை. சலாமை நிறுத்த வேண்டாம். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.